எந்த ரோல், எந்தத் தேதி?

*"திருப்பூரில் இருபது மெஷின் வைத்துக் குழந்தைகள் டி-ஷர்ட் தைக்கிறோம். ஜூன் முதல் ஒரே சப்ளையரிடம் சாயமேற்றிய பருத்தி நிட் துணி வாங்குகிறேன். ஐந்து தடவை வந்ததில் மூன்று தடவை பழுது. போனில் சொன்னால் 'அடுத்த லாட்டில் பார்த்துக்கலாம்' என்கிறார்கள். கடைசியாகச் செப்டம்பர் 26 அன்று வந்த 21 ரோலில் 9 ரோல் சரியில்லை. அந்தப் பில்லை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். பணம் வராவிட்டால் எம்எஸ்எம்இ-யில் புகார் கொடுப்போம் என்கிறார்கள். 'வெட்டிய துணிக்குப் பொறுப்பல்ல' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது?"*
*ஒரு வாசகி, திருப்பூர்*

வணக்கம். உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே போன் செய்து ஒன்றை மட்டும் முதலில் சொன்னேன். மற்ற வாசகர்களுக்காக அதையே இங்கும் முதலில் எழுதுகிறேன். செப்டம்பர் 26 சரக்குக்கு உங்கள் ஆட்சேபம் அக்டோபர் 11-க்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

அவர்கள் எந்தச் சட்டத்தைச் சொல்லி மிரட்டுகிறார்களோ, அந்த 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்திலேயே இதற்கான இடம் இருக்கிறது. சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பணம் கட்டுவதற்கான கெடு அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் எத்தனை நாள் கடனுக்குப் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மாறாக, 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்துவிட்டால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்க்கும் நாள்தான் நீங்கள் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்காகும். போனில் சொன்னது எழுத்து ஆகாது. செப்டம்பர் தொடக்கத்தில் வந்த சரக்குக்கு நீங்கள் இழந்தது இந்த 15 நாளைத்தான்.

அதனால் முழுப் பில்லையும் நிறுத்தி வைத்திருப்பதை மாற்றுங்கள். அந்தப் பில் 510 கிலோவுக்கு, கிலோ 420 ரூபாய் வீதம், 5 சதவீத ஜிஎஸ்டியோடு 2,24,910 ரூபாய். பழுதான 9 ரோலின் எடை 216 கிலோ, அதன் பங்கு 95,256 ரூபாய். மீதி 12 ரோலின் பங்கான 1,29,654 ரூபாயில் உங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. பேசியபடி 30 நாளில், அதாவது அக்டோபர் 26-க்குள் அதைக் கட்டிவிடுங்கள். நல்ல துணிக்கும் சேர்த்துப் பணத்தை நிறுத்தினால், வழக்கு என்று போகும்போது "பணம் இல்லாமல் சாக்குச் சொல்கிறார்" என்ற அவர்கள் பேச்சுக்கு நீங்களே சாட்சி கொடுத்தது போலாகும்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தபோது நானே இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். "தொடர்ந்து மோசமான துணி அனுப்புகிறீர்கள், எங்களுக்குப் பெரும் நஷ்டம்" என்று இரண்டு பக்கம். பதிலுக்கு அந்தச் சப்ளையர் ஒரே வரி அனுப்பினார்: "எந்த ரோல்?" என்னிடம் பதில் இல்லை. ரோல் ஸ்டிக்கர்களைக் கட்டிங் மேசையிலேயே கிழித்துப் போட்டிருந்தார்கள். துணி பழுதாக இருந்தது உண்மை, நஷ்டமும் உண்மை. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் புகார்க் கடிதத்தைப் பார்த்தாலும் ரோல் எண்ணையும் தேதியையும்தான் முதலில் தேடுகிறேன்.

ஒவ்வொரு டெலிவரிக்கும் மூன்று தேதி வேண்டும்: சரக்கு வந்த தேதி, குறையைக் கண்ட தேதி, அவர்களுக்குச் சொன்ன தேதி. வந்த தேதிக்கு டெலிவரி சலானில் இருக்கும் கையெழுத்து போதும். சொன்ன தேதிக்கு உங்கள் போனிலேயே வாட்ஸ்அப் இருக்கிறது. ஜூலை 10 அன்று நீங்கள் அனுப்பிய படத்துக்கு அவர்களுடைய மேலாளர் "அடுத்த லாட்டில் பார்த்துக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். உங்களை எரிச்சலூட்டிய அந்த வரிதான் உங்களிடம் இருக்கும் நல்ல ஆதாரங்களில் ஒன்று. பழுது இல்லை என்று அவர் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார், அவ்வளவே. அந்த உரையாடலை அழிக்காமல், ஏற்றுமதி செய்து இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லபடியாக வந்த ஜூன் 12, ஆகஸ்ட் 5 டெலிவரிகளையும் கடிதத்தில் சொல்லுங்கள். அதைச் சொன்னால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆர்டர் விவரத்துக்கு இரண்டு தடவை 178, 181 ஜிஎஸ்எம்மில், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடையில், துணி கொடுத்தவருக்கு, "இந்த நூலில் இவ்வளவுதான் வரும்" என்று சொல்ல இடமில்லாமல் போகிறது.

இப்போது பழுதைப் பற்றி. இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் என்ன பரிகாரம் கேட்பது என்பது பழுதின் காரணத்தைப் பொறுத்தது. உங்கள் ஆர்டரில் 30-ஆம் நம்பர் பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி, நேவி ப்ளூ, 180 ஜிஎஸ்எம், 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 171-க்குக் கீழே போகக் கூடாது. 9 ரோலும் 164-க்கும் 169-க்கும் இடையில் இருக்கின்றன. இதைச் சொன்னதும் அவர்கள் கொடுக்கும் முதல் பதில், "மேடம், கிலோவுக்குத்தானே காசு? ஜிஎஸ்எம் குறைந்தால் உங்களுக்கு நீளம் கூடத்தானே கிடைக்கிறது" என்பதாக இருக்கும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் உங்களிடம் வாங்குபவர் 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார், கூடுதல் நீளம் அவருக்கு எதற்கு?

ஜிஎஸ்எம் இரண்டு இடத்தில் குறையலாம். நிட்டிங்கிலேயே கண்ணியின் நீளம் கூடிப்போனாலோ நூல் மெல்லியதாகப் போனாலோ குறையும். இல்லாவிட்டால் நிட்டிங் சரியாக இருந்து, கடைசியில் துணியை அமுக்கிச் சுருக்கும் காம்பாக்டிங்கில் அகலம் வர வேண்டும் என்று துணியை இழுத்துவிட்டால் குறையும். கட்டரில் வெட்டி எடை போட்டால் இரண்டும் ஒன்றுபோல 166 என்றுதான் காட்டும். துவைத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். இழுத்த துணி தண்ணீரில் பட்டதும் தன் இடத்துக்குத் திரும்பும், நிட்டிங்கில் தளர்ந்த துணிக்குத் திரும்ப இடம் கிடையாது. எந்தப் பருத்தி நிட்டும் துவைத்தால் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்பதால், ஒப்புதல் கொடுத்த சாம்பிள் துணியையும் கூடவே துவைத்து ஒப்பிட வேண்டும்.

போனில் சொன்னபடி நீங்கள் செய்து அனுப்பிய எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. சாம்பிள் 180-லிருந்து துவைத்தபின் 193 ஆனது. 9 ரோலில் 5 ரோல் 166-ஐ ஒட்டி இருந்து 191 முதல் 195 வரை ஏறிவிட்டன, அகலத்தில் 10 சதவீதம் சுருங்கியிருக்கின்றன. இவை காம்பாக்டிங்கில் இழுக்கப்பட்டவை. மற்ற 4 ரோல் 178-ஐத் தாண்டவில்லை, அவற்றில் நீளவாக்கில் ஊசிக் கோடும் ஓடுகிறது. அது நிட்டிங் மெஷினில் கெட்டுப்போன ஊசியின் தடம்.

முதல் 5 ரோலை மறுபடி நனைத்து, இழுக்காமல் உலர்த்தி, காம்பாக்ட் செய்தால் சரியாகும். அகலம் குறையும், உங்கள் மார்க்கரை மாற்ற வேண்டியிருக்கும், ஆனாலும் துணி உங்களுக்கு உதவும். பின்னால் உள்ள 4 ரோலை எந்த வேலை செய்தும் மீட்க முடியாது, மாற்றித்தான் தர வேண்டும். "ஒன்பதையும் மாற்றித் தா" என்று கேட்டால் சப்ளையர் 216 கிலோ நஷ்டத்தை எண்ணிப் பார்த்து முரண்டு பிடிப்பார். 96 கிலோவுக்கு மாற்றும் 120 கிலோவுக்கு மறுவேலையும் கேட்டால், அவர் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் கையில் காரணமும் இருக்கிறது.

அளந்த விதத்தையும் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். ரோலைப் பிரித்து ஓர் இரவு தளர விட்டு, ஓரத்தைத் தவிர்த்து அகலவாக்கில் ஐந்து இடத்தில் வட்டக் கட்டரால் வெட்டி எடை போட வேண்டும். கட்டர் எடுப்பது 100 சதுர சென்டிமீட்டர், ஆகவே 1.66 கிராம் என்றால் 166 ஜிஎஸ்எம். பருத்தி ஈரத்தை இழுக்கும், மழை நாளில் எடை கொஞ்சம் கூடும். இதைச் சொல்லி அவர்கள் எண்ணைத் தகராறு செய்தால், இரண்டு பேரும் கையெழுத்திட்ட துண்டுகளைக் கோவை சிட்ரா ஜவுளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று நீங்களே முன்வந்து எழுதிவிடுங்கள்.

அச்சடித்த அந்த வரியைப் பார்த்து நீங்கள் பயந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, துணியை வெட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிறது, அதனால் திருப்பி அனுப்பும் உரிமை போய்விடுகிறது. ஆனால் தரம் குறைந்ததற்கு இழப்பீடு கேட்கும் உரிமை அத்தோடு தானாகப் போவதில்லை. அந்த நிபந்தனைக்கு நீங்கள் ஆர்டரிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு, உங்கள் ஆர்டரில் அப்படி ஒன்றும் இல்லை. வெட்டாத 9 ரோலுக்கு அந்த வரி பொருந்தவே பொருந்தாது. நிராகரித்த சரக்கை வண்டி பிடித்து நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் கிடையாது. ஏற்கவில்லை என்று தெரிவித்தால் போதும், எடுத்துச் செல்வது அவர்கள் வேலை.

செப்டம்பர் 3 சரக்கைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷேடு மாறியது அவர்கள் தவறு. ஆனால் 24 ரோலிலும் ஒரு துண்டு வெட்டி வரிசையாக வைத்து வெளிச்சத்தில் பார்க்காமல், எல்லாவற்றையும் கலந்து லேயர் போட்டது உங்கள் கட்டிங் மாஸ்டர். அதனால்தான் முன்பக்கம் ஒரு நீலம், கை ஒரு நீலமாக 190 பீஸ் செகண்ட்ஸில் போனது. அந்த 13,300 ரூபாயில் பாதியைக் கேளுங்கள். முழுதாகக் கேட்டால், உங்கள் ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அவர்கள் மறுப்பார்கள்.

இதோ கடிதம். பெயர், பில் எண், ரோல் எண்களை உங்கள் பதிவேட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

---

நாள்: 07.10.2025

பொருள்: 26.09.2025 டெலிவரியில் 9 ரோல் துணியை ஏற்காமை பற்றிய எழுத்துபூர்வ ஆட்சேபமும் முந்தைய பழுதுகளுக்கான இழப்பீடும்.

ஐயா,

ஜூன் முதல் உங்களிடம் ஐந்து முறை துணி வாங்கியுள்ளோம். ஜூன் 12, ஆகஸ்ட் 5 ஆகிய நாட்களில் வந்தவை ஆர்டரின்படி சரியாக இருந்தன. மற்ற மூன்றின் விவரம் இது.

08.07.2025 அன்று வந்த சரக்கில் 7 ரோல் (எண்கள் இணைப்பில்) 166 முதல் 170 ஜிஎஸ்எம். ஜூலை 10 அன்று வாட்ஸ்அப்பில் படத்துடன் தெரிவித்தோம். அடுத்த லாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றே உங்கள் மேலாளர் பதில் அளித்தார். அந்தத் துணியில் தைத்த 1,280 பீஸுக்கு எங்கள் வாடிக்கையாளர் பீஸுக்கு 12 ரூபாய் பிடித்தம் செய்தார். தொகை 15,360 ரூபாய், அவருடைய டெபிட் நோட் இணைப்பில்.

03.09.2025 அன்று வந்த சரக்கில் 4 ரோல் ஒப்புதல் தந்த ஷேடிலிருந்து மாறியிருந்தன. செப்டம்பர் 8 அன்று தைத்த பீஸ்களில் கண்டு, அன்றே போனில் தெரிவித்தோம். நஷ்டம் 13,300 ரூபாய். வெட்டுவதற்கு முன் ஷேடு பார்ப்பது எங்கள் பொறுப்பு என்பதால் பாதியான 6,650 ரூபாயை மட்டும் கேட்கிறோம்.

26.09.2025 அன்று வந்த 21 ரோலில் 9 ரோல் (எண்கள் இணைப்பில், 216 கிலோ) 164 முதல் 169 ஜிஎஸ்எம். ஓர் இரவு தளர விட்டு, ரோலுக்கு ஐந்து இடத்தில் அளந்தோம். இவற்றை நாங்கள் ஏற்கவில்லை. வெட்டாமல், உங்கள் ஸ்டிக்கருடன் தனியாக வைத்துள்ளோம். துவைத்துப் பார்த்ததில் 5 ரோல் ஃபினிஷிங்கில் இழுக்கப்பட்டவை என்றும், 4 ரோல் நிட்டிங்கிலேயே குறையுள்ளவை, ஊசிக் கோடு உள்ளவை என்றும் தெரிகிறது.

நாங்கள் கேட்பவை: அக்டோபர் 10 வெள்ளி காலை 11 மணிக்கு உங்கள் ஆள் வந்து எங்களுடன் சேர்ந்து துணியைப் பார்க்க வேண்டும். 5 ரோலை உங்கள் செலவில் எடுத்துச் சென்று மறுபடி காம்பாக்ட் செய்து அக்டோபர் 17-க்குள் தர வேண்டும். 4 ரோலைத் திரும்ப எடுத்து, நவம்பர் 5-க்குள் 96 கிலோ மாற்றுத் துணி தர வேண்டும், அல்லது அதற்குக் கிரெடிட் நோட் தர வேண்டும். முந்தைய பழுதுகளுக்கு மொத்தம் 22,010 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தர வேண்டும். அளவில் உங்களுக்கு ஐயம் இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட மாதிரிகளைச் சிட்ராவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறோம்.

சரியாக உள்ள 12 ரோலுக்கான 1,29,654 ரூபாயை அக்டோபர் 26-க்குள் செலுத்துகிறோம். 95,256 ரூபாயை மட்டும் மேற்படி குறை தீரும்வரை நிறுத்தி வைக்கிறோம். அக்டோபர் 14-க்குள் உங்கள் எழுத்துபூர்வப் பதில் வராவிட்டால், 216 கிலோவை வேறிடத்தில் வாங்கி விலை வித்தியாசத்தை உங்களிடம் கோருவோம். சட்டப்படியான எங்கள் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை.

---

தேதிகளை நான் ஏன் இப்படிப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 20 தீபாவளி. அதற்குப் பிறகு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி, நிட்டிங்கும் டையிங்கும் பழைய ஓட்டத்துக்கு வர நாளாகும். மறு காம்பாக்டிங் சில நாள் வேலை, பண்டிகைக்கு முன் முடியும். புதிதாக நிட் செய்து சாயமேற்றித் தருவது முடியாது. முடியாத கெடுவைக் கொடுத்தால், அதையே சாக்காகக் காட்டி எல்லாவற்றையும் தட்டிக் கழிப்பார்கள்.

22,010 ரூபாயை இப்போது நீங்களாக எந்தப் பில்லிலும் கழிக்காதீர்கள். கேட்டு, பதில் வந்தபின் பார்க்கலாம். அவர்கள் ஒத்துக்கொண்டாலும், நீங்கள் போடும் டெபிட் நோட் உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும்தான். ஜிஎஸ்டியில் வரி குறைய அவர்கள் கிரெடிட் நோட் போட வேண்டும், நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். துணிக்கும் பிடித்தத் தொகைக்கும் இது ஒரே மாதிரி நடக்காமல் போகலாம், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, அதே நாளில் ஸ்பீட் போஸ்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப் போகட்டும். கண்டிப்பாக முதலாளியின் பெயருக்கே எழுதுங்கள். இப்படி மூன்று முறை பழுது வந்த செய்தி மேலாளரோடு நின்றுபோய், முதலாளிக்குக் கடிதம் வந்தபிறகுதான் தெரியவந்ததை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று போனில் கேட்டீர்கள். வியாபாரத்துக்காக வாங்கிய துணி அங்கே எடுபடாது. பேச்சில் தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான், அதற்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது. அவர்கள் எம்எஸ்எம்இ-யில் புகார் கொடுத்தால், இந்தக் கடிதமும் 1,29,654 ரூபாய் கட்டிய ரசீதும்தான் அங்கே நீங்கள் காட்ட வேண்டியவை.

10-ஆம் தேதி அவர்கள் ஆள் வரும்போது, 9 ரோலிலும் அவர் முன்னாலேயே மறுபடி வெட்டி எடை போடுங்கள். எண்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், வந்தார், பார்த்தார், மறுத்தார் என்று நேரத்தோடு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் ரோலை எடுத்துச் செல்வதாக இருந்தால், ரோல் எண், எடை இரண்டும் எழுதிய டெலிவரி சலான் இல்லாமல் ஒன்றையும் வண்டியில் ஏற்ற விடாதீர்கள். ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஸ்டிக்கரின் படமும் ஒரு மீட்டர் துணியும் உங்களிடம் இருக்கட்டும்.